பழைய பிழை எந்த வழியாகத் திரும்புகிறது?

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்க விதிமுறைகளை கூகுள் டாக்ஸில் ஏற்றி, மூன்று பேரிடம் சரிபார்க்கக் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று அதில் இருந்த வரி: "பராமரிப்புக் கட்டணம் ரூ.2,500. மாதம் 5ஆம் தேதிக்குள் செலுத்தவும்." பொதுக்குழு தீர்மானித்த தொகை ரூ.2,800 என்பதால், திங்களன்று பொருளாளர் அதைத் திருத்திவிட்டார். செயலாளரோ ஞாயிறன்றே கோப்பைத் தன் கணினியில் இறக்கி, நடையைச் சீராக்கிக்கொண்டிருந்தார். புதனன்று பத்தியை முழுசாக ஒட்டினார்: "ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் ரூ.2,500 பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும்." நடை நன்றாக இருக்கிறதே என்று தலைவர் அதை ஏற்றுக்கொண்டால், பழைய தொகையும் கூடவே உள்ளே வந்துவிடும்.

கடைசியாகத் திருத்தியது யார் என்று பார்த்து இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொருவரும் எந்தப் பிரதியை வைத்துத் திருத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் இதற்காக மூன்று பிரதிகளை ஒப்பிடுவார்கள்: இருவருக்கும் பொதுவான மூலம், அதிலிருந்து பிரிந்த இரண்டு திருத்தங்கள். மூலத்திலிருந்து ஒருவர் மட்டும் மாற்றிய இடத்தில் அவர் மாற்றியதே நிற்கும். செயலாளரின் 2,500 ஞாயிற்றுக்கிழமை மூலத்தில் உள்ள அதே எண். ஆக, அவர் தொகையைத் தொடவே இல்லை. அது ஒட்டும்போது கூட வந்தது. எனவே வாக்கிய அமைப்பை அவரிடமிருந்தும், தொகையைப் பொருளாளரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறையில், வேலையைத் தொடங்கும் முன் File > Version history > Name current version வழியாக அன்றைய நிலைக்குப் பெயர் வைத்துவிடுங்கள். அதுதான் மூலம். வெளியில் திருத்தி வந்த கோப்பை நேராக ஒட்டாமல், மூலத்தின் நகலைத் திறந்து Tools > Compare documents மூலம் ஒப்பிட்டால், அவர் உண்மையில் மாற்றியவை மட்டும் பரிந்துரைகளாகத் தெரியும். அவற்றை நடப்புக் கோப்பில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

ஒரு பத்தி கெட்டுப்போனது என்பதற்காக Restore this version-ஐ அழுத்துவதும் ஆபத்து. அது பத்தியை மட்டுமல்ல, கோப்பு முழுவதையும் அந்த நாளுக்குக் கொண்டுபோகும். இடையில் சரிசெய்த பிழைகள் எல்லாம் திரும்பிவிடும். பழைய பதிப்பைத் திறந்து, தேவையான பத்தியை மட்டும் நகலெடுப்பதே நல்லது.

ஒரே இடத்தை இருவரும் மாற்றியிருந்தால் ஒப்பீடு கைகொடுக்காது. 5ஆம் தேதியை ஒருவர் 7 என்றும் மற்றவர் 10 என்றும் மாற்றினால், தீர்மானப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். முடிவையும் அதன் ஆதாரத்தையும் அந்த வரியிலேயே கருத்துரையாக எழுதிவையுங்கள். அடுத்து வருபவர் அதை மறுபடி மாற்ற மாட்டார்.

இறுதியில், திருத்திய பிழைகளை ஒவ்வொன்றாகக் கோப்பில் தேடிப் பாருங்கள். 2,500 மட்டும் போதாது. 2500, "இரண்டாயிரத்து ஐந்நூறு" என்றும் தேட வேண்டும். அகப்படுவதெல்லாம் பிழையாக இருக்காது: வாகன நிறுத்தக் கட்டணம் உண்மையிலேயே ரூ.2,500 ஆக இருக்கலாம். அதனால் ஒரேயடியாக மாற்றும் Replace all பக்கம் போகாதீர்கள்.