50 கிலோ சுமை, 80 கிலோ இழுப்பு

கடைத்தெருவில் சுவரிலிருந்து ஓர் இரும்புச் சட்டம் தெருப்பக்கம் நீண்டிருக்கும். அதன் நுனியில் பெயர்ப்பலகை தொங்கும். சட்டத்தின் உள்முனை சுவரில் ஒரு கீலில் மாட்டியிருக்கும். வெளிமுனையை, மேலே சுவரில் அடித்த போல்ட்டிலிருந்து சாய்வாக இறங்கும் ஸ்டே கம்பி பிடித்திருக்கும். இந்தக் கம்பி எவ்வளவு இழுப்பைத் தாங்குகிறது என்று கேட்டால், கீலும் கம்பியும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆளுக்குப் பாதி இருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்கு வேறு விதமாக வருகிறது.

சட்டம் 2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை, முழுக்க ஒரே கனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கனம் என்பதால் அதன் எடை மொத்தமும் நட்டநடுவில், அதாவது கீலிலிருந்து 1 மீட்டரில் இருப்பதாகக் கொள்ளலாம். நுனியில் தொங்கும் பலகை 30 கிலோ. கம்பி, சட்டத்தோடு 30 டிகிரி கோணத்தில் நிற்கிறது. (விசையையும் கிலோவிலேயே சொல்கிறேன். பாடப்புத்தகப்படி நியூட்டன் வேண்டுமென்றால் சுமாராகப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.)

நமக்குத் தெரியாதவை இரண்டு: கம்பியின் இழுவிசை, கீல் தரும் விசை. இரண்டையும் ஒன்றாகத் தேடினால் சிக்கிக்கொள்வோம். அதனால் முதலில் கீலைச் சுற்றி எது எவ்வளவு திருப்புகிறது என்று மட்டும் பார்க்கிறோம். கதவைக் கீலின் மேலேயே கைவைத்துத் தள்ளினால் அது நகராது அல்லவா? அதுபோல, கீலில் இருக்கும் விசை எவ்வளவாக இருந்தாலும் சட்டத்தைத் திருப்பாது. தெரியாத ஒன்று தானாகக் கழன்றுகொள்கிறது.

கீழே திருப்புவது: சட்டத்தின் 20 கிலோ 1 மீட்டரில், பலகையின் 30 கிலோ 2 மீட்டரில். 20 + 60 = 80. மேலே திருப்புவது கம்பி மட்டும்தான். அதுவும் 2 மீட்டரில் இருப்பதால், அது செங்குத்தாகத் தூக்க வேண்டியது 40 கிலோ. ஆனால் 30 டிகிரி சாய்வில் உள்ள கம்பியின் இழுப்பில் பாதிதான் தூக்கப் பயன்படும். எனவே 40 கிலோ தூக்க, கம்பி 80 கிலோவுக்கு இழுபட வேண்டும். தொங்குவது மொத்தமே 50 கிலோ!

மேல் போல்ட்டைத் தாழ்வாக அடித்துக் கம்பியை 15 டிகிரிக்குப் படுக்கவிட்டால் இழுப்பு ஏறக்குறைய 155 கிலோவாகிவிடும். 45 டிகிரிக்கு நிமிர்த்தினால் 57 போதும். பார்வைக்கு அழகாக இல்லை என்று கம்பியைத் தாழ்த்தச் சொல்லும் கடைக்காரர் இதை அறிந்திருப்பது நல்லது.

கம்பி தூக்குவதோடு நிற்பதில்லை, சட்டத்தைச் சுவரை நோக்கியும் இழுக்கிறது. நம் கணக்கில் அது 69 கிலோ. கீல் அதே 69 கிலோவுக்குச் சட்டத்தை வெளிப்பக்கம் தள்ளி நிற்கிறது. ஆக, கீல் சுவரோடு அழுத்தப்படுகிறது; மேல் போல்ட் சுவரிலிருந்து பிடுங்கப்படுகிறது. பலகை விழுமென்றால் பெரும்பாலும் விழவைப்பது இந்த மேல் போல்ட்தான். பூச்சில் மட்டும் பிடித்து, செங்கல்லுக்குள் ஆழமாகப் போகாத போல்ட்டென்றால் வாஷரைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும், சட்டத்தின் நுனி தாழும். காற்று பலகையை ஆட்டும் விசை இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கீல் மேல்நோக்கித் தாங்குவது எவ்வளவு? மொத்தம் 50, கம்பி தூக்குவது 40, மீதி 10. கிடையாக 69, செங்குத்தாக 10, இரண்டும் சேர்ந்து 70 கிலோ விசை. அதன் திசை சட்டத்தின் நேர்கோட்டில் இல்லை, எட்டு டிகிரி மேலே சாய்ந்திருக்கிறது. மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இது. சட்டத்துக்கு எடையே இல்லையென்றால்தான் கீலின் விசை சட்டத்தின் நெடுகே போகும்.

விடை சரிதானா என்று அளவுகோலை வைத்தே பார்த்துவிடலாம். இரண்டு எடைகளையும் சேர்த்தால், 50 கிலோவும் கீலிலிருந்து 1.6 மீட்டரில் இருப்பதற்குச் சமம். அங்கே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கம்பியின் கோடும் கீல்விசையின் கோடும் அதை ஒரே புள்ளியில், சட்டத்துக்கு 23 சென்டிமீட்டர் மேலே வெட்டும். வெட்டாவிட்டால் கணக்கில் எங்கோ பிழை.

இப்போது கம்பியை நுனியில் கட்டாமல், கீலிலிருந்து 1.5 மீட்டரில் அதே 30 டிகிரியில் கட்டினால்? தூக்க வேண்டியது 80-ஐ 1.5-ஆல் வகுத்து, 53 கிலோவுக்குச் சற்று மேல். மொத்த எடையே 50 தான். அதனால் கீல்விசையின் செங்குத்துப் பங்கு கழித்தல் குறியோடு வருகிறது. அது தப்பில்லை: உள்முனை எழும்பப் பார்க்கிறது, கீல் அதைக் கீழே பிடித்து இழுக்கிறது என்று பொருள். முளை போட்ட கீல் மேலும் கீழும் பிடிக்கும். அதற்குப் பதில் சட்டத்தை மேலே திறந்த கொக்கியில் வெறுமனே உட்கார வைத்திருந்தால், உள்முனை கொக்கியை விட்டு எழும்பிவிடக்கூடும்.