ஸ்மார்ட் பிளக்: எதற்கு ஏற்றது, எதற்கு ஆகாது?

நமது சங்க அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் ஸ்மார்ட் பிளக் என்னும் சாதனம் இப்போது புழக்கத்திற்கு வந்துள்ளது. சுவர்ப் பிளக்கில் இதனைச் செருகி, இதன்மேல் மின்கருவியைச் செருகினால், குறித்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தவும் செலுத்தவும் செய்யும். கைப்பேசி மூலமும் இதனை இயக்கலாம். டைமர் இதே வேலையைக் கைப்பேசியின்றிச் செய்வதாகும்.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? ஒரு சங்க அலுவலகத்தில் கணினி, திரை, அச்சு இயந்திரம் ஆகிய மூன்றும் வேலையற்ற நேரத்தில் 12 வாட் இழுப்பதாகக் கொள்வோம். மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரை 16 மணி நேரம். 30 நாட்களுக்கு ஏறத்தாழ 5¾ யூனிட் வீணாகிறது. பிளக்கே இடைவிடாது சுமார் 1 வாட் உண்பதால் முக்கால் யூனிட் போக, மிச்சம் 5 யூனிட். கணினியை முறைப்படி மூடிய பின்னரே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தற்காலக் கைப்பேசிச் சார்ஜரோ சும்மா இருக்கையில் இழுப்பது பிளக் உண்பதினும் குறைவு. அதற்குப் பிளக் வாங்குவது நஷ்டமே.

இனி ஆகாதவை. முதலாவது, வெந்நீர் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் இதனைத் தாங்காது; தொட்டால் சுடுதல், பழுப்பு நிறம், கருகல் நாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். 16 ஆம்பியர் பிளக் தாங்குமாயினும், ஆளில்லா வேளையில் ஹீட்டர் தானே சூடாவது தீ விபத்திற்கு வழியாகும்.

இரண்டாவது, குளிர்சாதனப் பெட்டி. இது சும்மா இருக்கும் கருவியன்று. தேவையான குளிர்ச்சி வந்ததும் தானே ஓய்கிறது. மின்சாரத்தை நிறுத்தி உடனே செலுத்தினால், உள்ளிருக்கும் அழுத்தம் தணியுமுன் கம்ப்ரஸர் சுழல முயன்று சூடேறும். பிளக் தவறுதலாக நின்றுவிட்டால் உள்ளே வைத்த மருந்தும் உணவும் கெடும்.

மூன்றாவதே நெசவாளர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: தார் சுற்றும் இயந்திரத்தின் மோட்டார். மோட்டார் புறப்படும்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். இதனால் பிளக்கின் உள்தொடர்புகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளக்கூடும். கைப்பேசியில் "நிறுத்தம்" என்று காட்டும், மோட்டாரோ ஓடும். மின்தடையின்போது சிக்கிய நூலை ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல பிளக்குகள் மின்சாரம் திரும்பியதும் முன்னிருந்த நிலைக்கே செல்லும். மோட்டார் திடீரெனச் சுழன்று விரல் அகப்படும். இங்கு கையால் இயக்கும் சுவிட்சே தகுந்தது. நூலில் கை வைக்குமுன் அதனை நிறுத்தி, பிளக்கையும் உருவிவிட வேண்டும்.

ஆகவே எக்கருவிக்கும் முன்கூட்டி இரண்டு கேள்விகள் கேட்போம். ஆளில்லாதபோது இது தானே ஓடத் தொடங்கினால் தீங்குண்டா? தானே நின்றுவிட்டால் நஷ்டமுண்டா? இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்பது விடையானால், அக்கருவி இப்பிளக்கிற்கு உரியதன்று.