ஆபரேஷன் தியேட்டரின் காற்றுக்கும் ஒரு ரிப்போர்ட் உண்டு

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்ஸ்ரே என்று நோயாளியின் ரிப்போர்ட்டுகள் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்துவிடும். அவரைப் படுக்க வைக்கப்போகும் தியேட்டருக்கும் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் மிகவும் குறைவு. 'வேலிடேஷன் ரிப்போர்ட்' என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். தியேட்டருக்குள் காற்று எவ்வளவு வருகிறது, எந்தத் திசையில் போகிறது, வடிகட்டியில் ஓட்டை உண்டா என்பதையெல்லாம் கருவி வைத்து அளந்து எழுதிய தாள் அது.

கிருமி வெளியிலிருந்துதான் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தியேட்டர் காற்றில் மிதக்கும் கிருமிகளில் பெரும்பகுதி உள்ளே நிற்கும் மனிதர்களிடமிருந்தே வருகிறது. நம் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன. நடந்தால் இன்னும் அதிகம் உதிரும். அவற்றில் ஒரு பகுதி பாக்டீரியாவைச் சுமந்தபடி திறந்த காயத்தின் மேலோ, தட்டில் விரித்து வைத்த கருவிகளின் மேலோ இறங்குகிறது. எனவே சுத்தமான காற்றை உள்ளே விட்டால் மட்டும் போதாது. உள்ளே உதிர்வதை உடனுக்குடன் காயத்தைவிட்டு அப்பால் தள்ளி வெளியேற்றவும் வேண்டும்.

இருபதடிக்கு இருபதடி, பத்தடி உயரமுள்ள ஒரு தியேட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 4,000 கன அடி. மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்., தியேட்டருக்கு மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும் என்கிறது. அந்த இருபதில் 4 முறையாவது வெளியிலிருந்து எடுத்த புதுக்காற்றாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 1,330 கன அடி காற்று வர வேண்டும், அதில் 270 புதுக்காற்று. மேசைக்கு நேர் மேலே கூரையில் எட்டடிக்கு ஆறடி அளவில் லாமினார் தட்டு பொருத்தி, நிமிடத்துக்கு 30 அடி வேகத்தில் காற்று இறங்கினால் 1,440 கன அடி கிடைக்கும். அதாவது மணிக்கு 21 முறைக்குச் சற்று மேல்.

இருபது முறை மாறும் அறையில், புதிதாக எதுவும் உதிராவிட்டால், காற்றில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும். ஆறு முறை மட்டுமே மாறினால் 46 நிமிடம் ஆகும். ஓர் அறுவை முடிந்து அடுத்த நோயாளியை உள்ளே கொண்டுவரும் இடைவெளியில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏ.சி., ஜன்னல் ஏ.சி. இரண்டையும் தியேட்டரில் வைக்கவே கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்வதற்கும் காரணம் உண்டு. அவை அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகின்றன. முழுவதும் அடைத்துச் சுத்தம் செய்ய முடியாத அவற்றின் உள்மூலைகளில் கிருமி வளர்கிறது.

அடுத்தது அழுத்தம். தியேட்டருக்குள் அழுத்தம் கூடுதல், கை கழுவும் பகுதியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, வெளித் தாழ்வாரத்தில் இன்னும் குறைவு. இப்படி இறங்குமுகமாக இருந்தால் காற்று எப்போதும் சுத்தமான இடத்திலிருந்து வெளிப்பக்கமே போகும். பக்கத்து அறையைவிடத் தியேட்டரில் குறைந்தது 2.5 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டும். இது கால் மில்லிமீட்டர் நீர் உயரம்தான். கதவு திறந்த கணத்தில் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். அறுவை நடக்கும்போது ஆட்கள் வந்துபோவதைக் குறைக்கச் சொல்வது அதனால்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். நம் கணக்குத் தியேட்டரில் நிமிடத்துக்கு 1,440 கன அடி உள்ளே வருகிறது, 1,170 மட்டும் திரும்பப் போகிறது. மிச்சம் 270 கதவிடுக்கு வழியாக வெளியே கசிகிறது. அந்தக் கசிவுதான் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மின் கட்டணத்தை மிச்சப்படுத்த யாரோ புதுக்காற்று டேம்பரை மூடிவிட்டால் என்ன ஆகும்? வருவதும் போவதும் சமமாகிவிடும். தட்டிலிருந்து காற்று பழையபடி இறங்கும், அறை குளுகுளுவென்றிருக்கும், உள்ளே நிற்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அழுத்தம் பூஜ்யம். எந்தப் பக்கம் கதவு திறந்தாலும் தாழ்வாரத்துக் காற்று உள்ளே வரும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மூடிய கதவின் கீழிடுக்கில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது தியேட்டரிலிருந்து வெளிப்பக்கம் ஆட வேண்டும். கதவோரம் இருக்கும் அழுத்தமானியின் முள், கதவைத் திறந்ததும் விழுந்து, மூடியதும் எழ வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் முள் நல்ல செய்தி அல்ல. பின்னாலிருக்கும் குழாய் கழன்றிருக்கலாம். இந்தச் சோதனையைத் தியேட்டர் செவிலியரே தினமும் காலையில் செய்து பதிவேட்டில் எழுதலாம்.

கடைசி வடிகட்டிதான் ஹெப்பா. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடியது. பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவு ஏறக்குறைய அதுதான் என்பதால் அந்த அளவில் சோதிக்கிறார்கள். கிருமி சுமக்கும் செதில்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை, ஆகவே நல்ல ஹெப்பாவின் தாள் வழியாக அவை நுழைவதில்லை. கோளாறு பெரும்பாலும் சட்டத்தின் ஓரத்தில் வருகிறது. ரப்பர் கேஸ்கெட் சரியாக உட்காராத இடத்தில் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். அதனால்தான் வடிகட்டிக்கு முன்னால் எண்ணெய்ப் புகை விட்டு, பின்னால் ஓரம் ஓரமாகக் கருவியை நகர்த்திக் கசிவு தேடுகிறார்கள். இதை டி.ஓ.பி. அல்லது பி.ஏ.ஓ. சோதனை என்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதையும் காற்று மாற்றத்தையும் அழுத்தத்தையும் சோதிக்கச் சொல்கிறது என்.ஏ.பி.எச். புகை அடித்து கிருமிநீக்கம் செய்தோம், தட்டு கல்ச்சர் சுத்தமாக வந்தது என்ற பதில் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

நோயாளி எதைக் கேட்கலாம்? தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் தகவல் பெறும் உரிமையும், தரநிலைப்படி பாதுகாப்பான சிகிச்சை பெறும் உரிமையும் உள்ளன. அவசரமில்லாத அறுவை என்றால், எனக்குச் செய்யப்போகும் தியேட்டரின் கடைசி வேலிடேஷன் எந்தத் தேதியில் நடந்தது, காற்று மாற்றமும் அழுத்தமும் எவ்வளவு, ஹெப்பா சோதனை தேறியதா என்று எழுத்தில் கேளுங்கள். என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெறாத மருத்துவமனையை அந்த வழிகாட்டுதல் சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ரிப்போர்ட்டே இல்லை என்றால் வேறு மருத்துவமனை பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. உயிர்காக்கும் அவசர அறுவையில் இதைக் கேட்டுக் காலம் கடத்தாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு 30 நாளுக்குள், உள்ளே செயற்கை மூட்டு போன்றவை வைத்திருந்தால் 90 நாளுக்குள், காயத்தில் சீழ் வைத்தால் அதை அறுவைத் தொற்றாகக் கருதி விசாரிப்பது வழக்கம். சர்க்கரை அளவு, ஆன்டிபயாடிக் கொடுத்த நேரம், கருவிகளின் கிருமிநீக்கம் என்று காரணம் பல இருக்கலாம். ஒரே ஒரு தொற்றை வைத்துக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது. அதே தியேட்டரில் அதே வாரத்தில் வேறு நோயாளிகளுக்கும் அதே கிருமி வந்திருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். ஆன்டிபயாடிக்கை மாற்றும் முன் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. அரசு மருத்துவமனை என்றால் வேலிடேஷன் ரிப்போர்ட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

முதல் புகார் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனை மீதான அடுத்த புகார், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. இழப்பீடு கேட்பதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இந்தச் சட்டத்தில் வராது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கில் கேட்க வேண்டியது அறுவை நடந்த தேதிக்கு முன்பு எடுத்த வேலிடேஷன் ரிப்போர்ட். தொற்று வந்த பிறகு எடுத்த ரிப்போர்ட்டை நீட்டினால், அது உங்கள் அறுவை நாளின் காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.