மூன்று தேதிகள், பன்னிரண்டு மணி நேரம்

"ஓவர்டைம் பணம் குறைவாக வந்திருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதினால் மனிதவளத் துறைக்குப் பிடி கிடைக்காது. எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன விகிதம் என்ற மூன்றும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வாரம் ஆறு நாள், தினம் 8 மணி நேரம் வேலை செய்யும் ஓர் ஆலைத் தொழிலாளி மார்ச் 4, 11, 18 ஆகிய தேதிகளில் தலா 4 மணி நேரம் கூடுதலாக நின்றார். மொத்தம் 12 மணி நேரம். கொள்கைப்படி இரட்டிப்பு ஊதியம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்ததும் இதே விகிதம்தான்.

சம்பளச் சீட்டில் வந்தது 1,440 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 12,480ஐ மட்டும் 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்து, 60 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

பிழை இங்கேதான். அந்தச் சட்டத்தில் 'சாதாரண ஊதியம்' என்பது அடிப்படையோடு பஞ்சப்படி போன்ற படிகளையும் சேர்த்ததாக இருந்தது, போனஸ் சேரவில்லை. அவருடைய அடிப்படையும் பஞ்சப்படியும் 20,800. மணிக்கு 100, இரட்டிப்பு 200, மொத்தம் 2,400 ரூபாய். நிலுவை 960.

கடிதத்தில் அவர் தேதிவாரியாக உள்நுழைந்த, வெளியேறிய நேரங்களை எழுதினார்; மேற்பார்வையாளர் ஒப்புதலையும் சம்பளச் சீட்டு நகலையும் இணைத்தார். கொள்கையின் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, கடைசி வரியில் 960 ரூபாயைக் கேட்டார். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்கி வைத்தார்.