குரோ முறை: விருப்பத்தை இலக்காக மாற்றும் தன்வழிகாட்டல்

குரோ முறை என்பது தெளிவில்லாத ஒரு விருப்பத்தை அடையக்கூடிய இலக்காகவும் செய்யக்கூடிய செயலாகவும் மாற்ற உதவும் கேள்விமுறை ஆகும். கோல், ரியாலிட்டி, ஆப்சன்ஸ், வில் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் அமைந்தது. தமிழில் இவற்றை இலக்கு, நடப்பு நிலை, வழிகள், உறுதி எனலாம். பிரித்தானியக் கார் பந்தய வீரரும் பின்னாளில் மேலாண்மைப் பயிற்சியாளராக விளங்கியவருமான சர் ஜான் விட்மோர் 1992-இல் வெளியிட்ட நூலின் வழியாக இம்முறை உலகெங்கும் பரவியது. கிரகாம் அலெக்சாண்டர், ஆலன் ஃபைன் ஆகியோருக்கும் இதன் உருவாக்கத்தில் பங்குண்டு. இதன் வேர் டிமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிசு பயிற்சியாளர் 1974-இல் எழுதிய நூலில் உள்ளது. ஆட்டக்காரரிடம் "இப்படி அடி" என்று கட்டளையிடுவதைவிட, பந்து எப்படி வருகிறது என்று அவரையே கவனிக்கச் செய்தால் ஆட்டம் தானாகத் திருந்துகிறது என்று அவர் கண்டார்.

நம் ஊரில் 'கோச்சிங்' என்றால் பாடம் நடத்தும் வகுப்பு என்றே பொருள். குரோ முறையில் பாடம் எதுவும் இல்லை; கேள்விகள் மட்டுமே உண்டு. அக்கேள்விகளை வேறொருவர் கேட்காமல் ஒருவர் தமக்குத்தாமே கேட்டு, விடையை எழுதிவைப்பது தன்வழிகாட்டல் ஆகும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மிகுதியாகக் கேட்கும் விருப்பம் ஒன்றைக் கொண்டு இம்முறையைப் பார்க்கலாம். குன்னம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 26 வயதுப் பெண் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றவர். நாள்தோறும் அரியலூருக்குப் பேருந்தில் சென்று ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். "எப்படியாவது ஒரு அரசு வேலைக்குப் போயிடணும்" என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஒரு முறை தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வையும் எழுதியுள்ளார்; தேர்வாகவில்லை.

இலக்கு

"அரசு வேலை" என்பது விருப்பம். அது நிறைவேறுவது காலிப்பணியிடங்களின் எண்ணிக்கை, இட ஒதுக்கீட்டுப் பிரிவு, மற்றவர்கள் எடுக்கும் மதிப்பெண் ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றில் எதுவும் அப்பெண்ணின் கையில் இல்லை. விட்மோர் இதனால்தான் இறுதி இலக்கையும் செயல்திறன் இலக்கையும் பிரித்துக்காட்டுகிறார். இறுதி இலக்கு போகும் திசையைக் காட்டும். செயல்திறன் இலக்கு பெரும்பாலும் தம் முயற்சிக்குள் அடங்கியதாக இருக்க வேண்டும்.

குரூப் 4 எழுத்துத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒரு வினாவுக்கு ஒன்றரை வீதம் மொத்தம் 300 மதிப்பெண். தமிழ் 100 வினாக்கள், பொது அறிவு 75, திறனறிவும் மனக்கணக்கும் 25. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இந்த விவரங்களைக் கொண்டு அப்பெண் எழுதும் முதல் இலக்கு இது: "தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இதுவரை பார்க்காத ஒரு பழைய வினாத்தாளை மூன்று மணி நேரத்தில் எழுதி, 160 வினாக்களுக்குச் சரியான விடை எடுப்பேன்."

இதற்கு நாள் உண்டு, அளவு உண்டு, மேலும் தாமே திருத்திப் பார்த்துக்கொள்ளலாம். 160 விடை எடுத்தால் வேலை கிடைக்கும் என்று இதற்குப் பொருளில்லை. வேலை கிடைக்கக்கூடிய இடத்துக்கு அருகில் போய் நிற்பதே இந்த இலக்கின் பணி.

நடப்பு நிலையைப் பார்ப்பதற்கு முன்பே இலக்கை எழுதச் சொல்வது சிலருக்குத் தலைகீழாகத் தோன்றும். நடப்பிலிருந்து தொடங்கினால் "போன தடவை எடுத்ததைவிடக் கொஞ்சம் கூட" என்று மனம் சிறிதாகவே கேட்கும் என்பது விட்மோர் சொல்லும் காரணம். நடப்பைப் பார்த்தபின் இலக்கைத் திருத்திக்கொள்ளத் தடையில்லை.

நடப்பு நிலை

தன்வழிகாட்டலில் பெரும்பாலானோர் தாண்டிச் செல்லும் பகுதி இதுவே. தம்மைப் பற்றித் தமக்குத் தெரியும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். "நேரமே இல்லை", "எனக்குக் கணக்கு வராது" என்பவை நடப்பு அல்ல; தீர்ப்புகள். நடப்பு என்பது எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும்.

அப்பெண் இரண்டு காரியங்கள் செய்கிறார். முதலாவதாக, ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுகிறார். தமிழில் 78, பொது அறிவில் 31, திறனறிவில் 9. மொத்தம் 118 விடைகள் சரி. இரண்டாவதாக, ஒரு வாரம் முழுவதும் என்ன படித்தார், எவ்வளவு நேரம் படித்தார் என்று நோட்டில் குறிக்கிறார். வாரத்தில் மொத்தம் ஆறு மணி நேரம் படித்திருக்கிறார். அதில் நான்கரை மணி நேரம் தமிழ்! ஏற்கெனவே நன்றாக வரும் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்து, படித்த நிறைவோடு உறங்கியிருக்கிறார். திறனறிவுக்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம்.

இங்கே கேள்வியின் வடிவம் முக்கியம். "ஏன் கணக்கைத் தொடவில்லை?" என்று கேட்டால் மனம் உடனே காரணம் சொல்லத் தொடங்கும், அல்லது தன்னையே திட்டிக்கொள்ளும். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரே என்பதால் இந்தத் திட்டு இன்னும் கடுமையாக விழும். "எந்தக் கணக்கில் பேனா நின்றது?" என்று கேட்டால் விடை வேறு. தவறிய 16 வினாக்களை அவர் பிரித்துப் பார்க்கிறார். விழுக்காடு, விகிதம், தனிவட்டி, காலமும் வேலையும் ஆகிய நான்கில் மட்டும் 11 தவறுகள். இவை பெரும்பாலும் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள கணக்குகள். "கணக்கு வராது" என்ற பெரிய பூதம் நான்கு பாடங்களாகச் சுருங்கிவிட்டது.

இப்போது 160 என்ற எண்ணையும் பிரித்து எழுத முடிகிறது: தமிழ் 90, பொது அறிவு 50, திறனறிவு 20.

வழிகள்

இந்தக் கட்டத்தில் நல்லது கெட்டது பார்க்காமல் வழிகளை எழுத வேண்டும். முதல் மூன்று வழிகள் எல்லோருக்கும் தோன்றும்; பயனுள்ளது அதற்குப் பின்னரே வரும். குறைந்தது எட்டு எழுதும் வரை எதையும் அடிக்கக்கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

அவர் எழுதியவை: வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பது; திருச்சியில் பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்வது; காலை நான்கரை மணிக்கு எழுவது; பேருந்தில் பொது அறிவு படிப்பது. இதற்குமேல் ஓடவில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி: "பணமும் நேரமும் தடையில்லை என்றால் என்ன செய்வேன்?" அவர் எழுதிய விடை: "பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தர வேண்டும்." இதிலிருந்து மேலும் நான்கு வழிகள் பிறக்கின்றன. பக்கத்துத் தெருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுப்பவரிடம் வாரம் ஒரு மணி நேரம் கேட்பது. அதே தேர்வுக்குப் படிக்கும், கணக்கு நன்றாக வரும் தோழிக்குத் தமிழ் சொல்லித்தந்து கணக்குக் கற்றுக்கொள்வது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நடக்கும் இலவச வகுப்புக்கு, கடையில் வார விடுமுறை விழும் நாளில் செல்ல முடியுமா என்று நேரில் விசாரிப்பது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மட்டும் விடையை மூடிவைத்துப் போடுவது.

அதன்பிறகே ஒவ்வொன்றின் செலவையும் பயனையும் எடைபோட வேண்டும். வேலையை விடுவது துணிச்சலான வழியாகத் தெரிந்தாலும், அவருக்குக் குறைவது நேரத்தைவிட நேரத்தின் பங்கீடு என்று நடப்பு நிலை காட்டிவிட்டது. சம்பளம் நின்றால் வீட்டில் கேள்விகளும் எழும். தோழியோடு பாடம் மாற்றிக்கொள்வது, எடுத்துக்காட்டுக் கணக்கு, பேருந்தில் பொது அறிவு ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பயிலும் வட்டத்தை விசாரித்தபின் முடிவு செய்வதாகக் குறித்துவைக்கிறார்.

உறுதி

"இனிமேல் நன்றாகப் படிப்பேன்" என்பது உறுதியன்று. அது மீண்டும் விருப்பமே. என்ன, எப்போது, எங்கே, எது தடுக்கும், யாருக்குத் தெரியும் என்ற ஐந்துக்கும் விடை வேண்டும். அவர் முதலில் எழுதியது: "தினமும் இரவு இரண்டு மணி நேரம் கணக்கு." இதைச் செய்து முடிப்பேன் என்பதற்குப் பத்துக்கு எத்தனை தருவேன் என்று தம்மையே கேட்கிறார். நேர்மையான விடை ஐந்து. எட்டுக்குக் கீழே வந்தால் வேலையின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது காலத்தை நீட்ட வேண்டும் என்பது விட்மோர் தரும் நடைமுறை. எனவே திருத்துகிறார்: "கடையிலிருந்து வந்து சாப்பிட்டபின், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து எடுத்துக்காட்டுக் கணக்குகள். முதல் இரண்டு வாரம் விழுக்காடு மட்டும். ஞாயிறு இரவு தோழிக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்புவேன்." இப்போது மதிப்பெண் ஒன்பது.

துணிக்கடையில் ஆடித் தள்ளுபடியும் தீபாவளி வியாபாரமும் உண்டு. அந்நாட்களில் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகலாம். இதை முன்கூட்டியே எழுதி, அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு என்று அளவைக் குறைத்துவைக்கிறார். இப்படி எழுதிவைக்காதவர்கள்தான் தீபாவளிக்குப் பின் "விட்டுப்போச்சு" என்று நோட்டையே மூடிவிடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை வேறொரு பழைய வினாத்தாளை எழுதி, நான்கு கேள்விகளுக்கும் மீண்டும் வர வேண்டும். முதல் மாத முடிவில் திறனறிவு 9-இலிருந்து 14 ஆகி, பொது அறிவு 31-லேயே நின்றால், பேருந்தில் படிப்பது ஏறவில்லை என்று பொருள். நின்றுகொண்டு போகும் பேருந்தில் புத்தகம் விரிக்க முடியாமல் இருந்திருக்கலாம். அப்போது இலக்கை விட்டுவிடாமல் வழியை மாற்ற வேண்டும்.

முறை பயன்படாத இடங்கள்

குரோ முறை தெரியாத பாடத்தைத் தெரியச் செய்யாது. வட்டி கணக்கிடும் விதம் புரியாதவர் தம்மையே எத்தனை கேள்வி கேட்டாலும் விடை வராது. அங்கே ஆசிரியர்தான் வேண்டும். விருப்பம் பெற்றோருடையதாக இருந்தாலும் இம்முறை இடறும். மூன்று கட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டு, உறுதிக்கான மதிப்பெண் மட்டும் எவ்வளவு குறைத்துக்கொண்டாலும் நான்கு, ஐந்திலேயே நிற்பது அதன் அடையாளம். அப்போது செயலின் அளவை மேலும் குறைப்பதில் பயனில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, இது யாருடைய இலக்கு என்று கேட்க வேண்டியிருக்கும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருப்பவர்கள் நோட்டை எடுப்பதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

தனியே செய்யும்போது இன்னொரு சிக்கல் உண்டு. தம் விடையைத் தாமே எளிதில் நம்பிவிடுவார்கள். நான்கு கட்டங்களையும் ஒரே இரவில் முடிக்காமல், நடப்பு நிலையை எழுதிய பக்கத்தை ஒரு நாள் கழித்து, வேறொருவர் எழுதியதைப் போலப் படித்துப் பார்த்தால் எண் இல்லாத வரிகள் கண்ணில் படும். அவற்றின் கீழே கோடிட்டு, "எத்தனை?" என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம்.