திரும்பி வந்த பத்தரைக் கோடி டாலர்

2019 நவம்பர் தொடக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை வேலையிலிருந்து நீக்கியது. ஊழியர் ஒருவருடன் அவர் உறவு வைத்திருந்தார். இருவரும் விரும்பி வைத்துக்கொண்ட உறவு என்றாலும் நிறுவன விதி அதை அனுமதிக்கவில்லை. வெளியே போனவருக்கு ரொக்கமாகக் கிடைத்தது 26 வாரச் சம்பளம், ஏறக்குறைய 7 லட்சம் டாலர். பெரிய பணம் அதில் இல்லை. அவரிடமே விட்டுவைக்கப்பட்ட பங்கு உரிமைகளில் இருந்தது.

பெரிய நிறுவனங்களின் உச்சப் பதவிகளில் மாதச் சம்பளம் வருமானத்தின் சிறு பகுதிதான். பெரும்பகுதி நீண்டகால ஊக்கத் திட்டத்தின் வழியாக வருகிறது. அதன் முக்கிய வடிவம் செயல்திறன் பங்குகள். இன்று ஒதுக்குவார்கள், மூன்று ஆண்டு கழித்து, லாபமோ முதலீட்டின் மீதான வருவாயோ குறித்த இலக்கைத் தொட்டால்தான் அவை அதிகாரியின் பெயருக்கு மாறும். இலக்குக்குக் கீழே நின்றால் எண்ணிக்கை குறையும், குறைந்தபட்ச அளவைக்கூட எட்டாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. இலக்கைத் தாண்டினால் கூடும். அடுத்த காலாண்டு லாபத்தை மட்டும் பார்த்து நிர்வாகம் நடத்தக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

பாதியில் வேலை போனால் இந்தப் பங்குகள் என்னவாகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 36 மாதத் திட்டத்தில் 36,000 பங்குகள் ஒதுக்கியிருக்கிறார்கள். 20-ஆவது மாதத்தில் அவரை நீக்குகிறார்கள். நீக்கக் கடிதம் ‘தகுந்த காரணமின்றி’ என்று சொன்னால், வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப 20,000 பங்குகள் நிற்கும். மூன்றாண்டு முடிவில் நிறுவனம் இலக்கைத் தாண்டி 120 சதவீதம் என்று முடிவானால், வீட்டில் இருக்கும் அவருக்கு 24,000 பங்குகள் வந்து சேரும். ‘தகுந்த காரணத்துடன்’ என்று கடிதம் சொன்னால் பூஜ்யம். நேர்மையின்மை, மோசடி போன்ற குற்றங்களுக்குத்தான் இந்த இரண்டாம் வகை.

ஈஸ்டர்புரூக்கை முதல் வகையில் நீக்கினார்கள். இயக்குநர் குழுக்கள் இப்படிச் செய்வது வழக்கம். குற்றத்தை நிரூபிக்க நீதிமன்றம் போக வேண்டும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பெயர் கெடும் என்று பயப்படுவார்கள். எனக்கு இந்தப் பயம் புரிகிறது, ஏற்க முடியவில்லை. செலவாவது பங்குதாரர்களின் சொத்து. முழுதாக விசாரிக்காமல் அதைக் கொடுத்து அனுப்பும் உரிமை குழுவுக்கு இல்லை.

2020 ஜூலையில் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து நிறுவனத்துக்குத் தகவல் வந்தது. மறுபடி தேடினார்கள். முதல் விசாரணையில் ஈஸ்டர்புரூக்கின் கைபேசியைப் பார்த்தவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அலுவலக மின்னஞ்சலிலிருந்து தன் சொந்த முகவரிக்கு அனுப்பிய படங்கள் நிறுவனத்தின் சர்வரில் அப்படியே கிடந்தன. வேறு ஊழியர்களுடனும் உறவு இருந்ததும், அவர்களில் ஒருவருக்கு லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள பங்குகளை ஒதுக்க அவரே ஒப்புதல் கொடுத்ததும் தெரியவந்ததாக நிறுவனம் கூறியது. ஆகஸ்டில் டெலாவேர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

உங்கள் சர்வரில் இருந்ததை நீங்களே பார்க்காமல் விட்டுவிட்டு, ஒப்பந்தம் முடிந்தபின் குறை சொல்லலாமா என்று அவர் தரப்பு வாதாடியது. 2021 பிப்ரவரியில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். அந்த டிசம்பரில் சமரசம் ஆனது. ரொக்கமும் பங்குகளுமாக, அன்றைய மதிப்பில் 10.5 கோடி டாலருக்கு மேல் ஈஸ்டர்புரூக் திருப்பிக் கொடுத்தார். 2023 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அவருக்கு 4 லட்சம் டாலர் அபராதம் விதித்து, ஐந்தாண்டுக்கு எந்தப் பொது நிறுவனத்திலும் அதிகாரியாகவோ இயக்குநராகவோ இருக்கக் கூடாது என்றது.

பணம் திரும்பியதற்கு முக்கியக் காரணம், பணிநீக்கத் தொகைத் திட்டத்திலேயே இருந்த ஒரு விதி: வேலையில் இருந்தபோது செய்த நேர்மையின்மை பின்னால் தெரிந்தாலும் தொகையை நிறுவனம் மீட்கலாம். அது எழுதப்படாமல் போயிருந்தால் வழக்குக்கு வலு குறைந்திருக்கும்.

இந்தியாவில் கம்பெனிகள் சட்டம், 2013-இன் 202-ஆவது பிரிவு நிர்வாக இயக்குநருக்குப் பதவி இழப்புக்காகத் தரும் ஈட்டுத்தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மீதமுள்ள பதவிக்காலம் அல்லது மூன்று ஆண்டு, இரண்டில் எது குறைவோ அந்தக் காலத்துக்கான ஊதியத்தைத் தாண்டக் கூடாது. மோசடியோ நம்பிக்கைத் துரோகமோ செய்தவருக்கு அதுவும் கிடையாது. உங்களிடம் ஏதாவது நிறுவனத்தின் பங்கு இருந்தால், நிர்வாக இயக்குநரை நியமிக்கும் தீர்மானம் வாக்குக்கு வரும்போது அதோடு இணைத்த விளக்கக் குறிப்பைப் படியுங்கள். கொடுத்ததைத் திரும்பப் பெறும் விதி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேள்வி எழுப்புங்கள். பதில் வரும்வரை ஆதரவு வாக்கு போடாதீர்கள்.