மனநோய் என்று முடிவு கட்டுமுன்: தைராய்டும் வலிப்பும்

பேராக்கில் ஒருவர் பேச்சில் தடுமாறினால், தனக்குத்தானே முணுமுணுத்தால், அடுத்து வரும் பெயர் தஞ்சோங் ரம்புத்தான். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்று அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. அங்கே போவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மனநோய் போலத் தெரிகிற சிலருக்கு மூலக்காரணம் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியாகவோ மூளையில் எழும் வலிப்பாகவோ இருக்கும். அதை முதலில் கண்டுபிடித்தால் வைத்தியமே வேறு.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது தாமானில் குடியிருக்கும் 52 வயது அம்மா ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓராண்டாகவே அவர் மந்தமாகிவிட்டார். சமையலில் கைவேகம் போய்விட்டது, கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. மாதவிடாய் நிற்கும் வயது என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். பிறகு மருமகள் சோற்றில் ஏதோ கலக்கிறாள் என்று சொல்லிச் சாப்பிட மறுத்தார். வெளியில் யாரோ தன் பெயரைச் சொல்லி ஏசுவது கேட்கிறது என்றார். செய்வினை என்று ஒரு பூசாரியிடமும், மன அழுத்தம் என்று ஒரு கிளினிக்கிலும் காட்டினார்கள். மன அழுத்த மாத்திரை மூன்று மாதமாகியும் பலன் தரவில்லை.

சந்தேகத்தைக் கிளப்ப வேண்டியது அவர் பேச்சு மட்டுமல்ல, உடம்பும்தான். ஈப்போ வெயிலில் எல்லாரும் விசிறிக்கொண்டிருக்க, இவர் மட்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குரல் கரகரத்து விட்டது. முகம் உப்பி, தோல் வறண்டு, மலச்சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சாப்பாடு குறைந்தும் எடை கூடியிருக்கிறது. தைராய்டு ஹார்மோன் குறையும்போது உடல் முழுவதும் வேகம் குறைகிறது. மூளையும் அதில் அடக்கம். குறைபாடு மிகக் கடுமையானால் சந்தேகம் வரலாம், இல்லாத குரல்களும் கேட்கலாம். 1949-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் இப்படிப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பலருக்குப் புத்தி தெளிந்தது.

கண்டுபிடிக்க ஒரு குழாய் இரத்தம் போதும். டிஎஸ்எச் என்பது சுரப்பியை வேலை வாங்க மூளையடியிலிருந்து வரும் கட்டளை. சுரப்பி தூங்கினால் கட்டளை உரக்கும். வழக்கமாக 4-க்குள் இருக்கும் எண் இந்த அம்மாவுக்கு 80 என்றும், டி4 மிகக் குறைவு என்றும் வந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. லெவோதைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 25 மைக்ரோகிராம் போலச் சிறிய அளவில்தான் தொடங்குவார்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளியே போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மீண்டும் இரத்தம் பார்ப்பார்கள். மனம் தெளியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மனநல மருந்தும் தேவைப்படலாம். ஆனால் டிஎஸ்எச் 6 அல்லது 7 என்று லேசாகக் கூடியிருந்தால், கடுமையான மனநோய்க்கு அதையே காரணமாக்கிவிடக் கூடாது. சுரப்பி அதிகமாகச் சுரந்தாலோ படபடப்பு, தூக்கமின்மை, ஓயாத பேச்சு என்று வேறு கோலம். இருதுருவ மனநோய் என்று அதைத் தவறாக எண்ணுவதும் உண்டு.

வலிப்பில் கவனிக்க வேண்டியது நாட்களின் கணக்கு. நெடுநாள் வலிப்பு உள்ள இளைஞர் ஒருவருக்கு ஒரே இரவில் மூன்று முறை இழுப்பு வருகிறது. மறுநாள் தெளிவாக இருக்கிறார், வேலைக்குக்கூடப் போகிறார். அதற்கடுத்த நாள் தூக்கமில்லை. முருகன் தன்னோடு பேசுவதாகச் சொல்கிறார், அடிக்க ஓடுகிறார். சாமி வந்துவிட்டது என்றோ புதிதாகப் புத்தி பேதலித்துவிட்டது என்றோ வீட்டார் நினைக்கிறார்கள். இடையில் அந்தத் தெளிவான நாள் இருந்ததால், இழுப்போடு இதை முடிச்சுப்போட யாருக்கும் தோன்றுவதில்லை. வலிப்புக் கூட்டத்துக்குப் பின் சில மணி நேரத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் இப்படி வரலாம். பெரும்பாலும் நாட்களில், சில வாரங்களில் தணிந்துவிடும். அந்த நாட்களில் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் ஆபத்து அதிகம் என்பதால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். இஇஜி பரிசோதனை சரியாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. சில மனநல மருந்துகள் வலிப்பைக் கூட்டும். லெவெட்டிரசிட்டாம் போன்ற வலிப்பு மருந்து சிலருக்கு எரிச்சலையும் சண்டைக் குணத்தையும் கொண்டுவரும். எந்த மாத்திரையையும் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடுத்த இழுப்புக் கூட்டம் அங்கேயே தொடங்கலாம்.

எனவே மருத்துவரிடம் போகும்போது மூன்று விவரங்களைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: மாற்றம் தொடங்கிய மாதம், உடம்பில் கண்ட மாற்றங்கள், இழுப்பு வந்த தேதிகள். கைத்தொலைபேசியில் எடுத்த இழுப்பின் காணொளி இருந்தால் அதையும் காட்டுங்கள். தைராய்டு பார்த்தாயிற்றா என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.